'பாக்கியம்' யாருடையது? அரபு மின்னஞ்சலில் பெரியவரை விளிக்கும் முதல் வரி

அரபு மொழியை மூன்றாம் மொழிப் பாடமாக எடுத்துப் படிக்கும் தமிழ் மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் மூன்று பருவங்கள் படித்தேன். எழுத்து, உச்சரிப்பு, வினைத்திரிபு என்று எல்லாவற்றிலும் தட்டுத் தடுமாறித்தான் நடக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரே ஒரு பகுதி மட்டும் நமக்காகவே எழுதி வைத்தது போல் இருந்தது. ஒரு பெரியவருக்கு மின்னஞ்சல் எழுதும்போது அவரை எப்படி விளிப்பது என்ற பகுதி அது. தமிழில் 'அவர்கள்', 'தங்கள்', 'மேதகு', 'மாண்புமிகு' என்று எழுதிப் பழகியவர்களும், மலாய்க் கடிதத்தில் 'யாங் பெர்பகாகியா' என்று எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று அறிந்தவர்களும் இந்தப் பாடத்தில் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிறோம். அந்த முதல் வரி எப்படி அமைகிறது, ஏன் அப்படி அமைகிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதை எழுதக் கூடாது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் யாருக்கு எழுதினாலும் 'டியர்' என்று தொடங்கிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லை அகராதியில் தேடினால் அரபில் 'அஸீஸீ' என்று கிடைக்கும். பொருள் சரிதான்: 'எனக்கு அருமையானவரே'. ஆனால் ஆங்கிலத்தின் 'டியர்' இன்று வெறும் சம்பிரதாயச் சொல்லாகிவிட்டது. அரபின் 'அஸீஸீ' அப்படி ஆகவில்லை. அது நண்பனுக்கும் தம்பிக்கும் எழுதும் சொல். ஒரு பேராசிரியர் தம் மாணவனுக்கு எழுதலாம். மாணவன் பேராசிரியருக்கு எழுதினால் தோளில் கை போட்டது போல் இருக்கும். நம் துணைவேந்தருக்கு 'என் செல்லப் பேராசிரியரே' என்று யாராவது தமிழில் எழுதுவார்களா?

அப்படியானால் எப்படித் தொடங்குவது? வளைகுடா நாடுகளில் ஒரு மூத்த பேராசிரியருக்கு வரும் கடிதத்தின் முதல் வரி பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கும்: 'ஸஆதத் அல்-உஸ்தாத் அத்-துக்தூர் இன்னார் அல்-முஹ்தரம்'. இதில் 'அல்-உஸ்தாத்' என்பது பேராசிரியர். 'அத்-துக்தூர்' என்பது முனைவர். 'அல்-முஹ்தரம்' என்பது மரியாதைக்குரிய. தலையில் நிற்கும் 'ஸஆதா'தான் இந்தக் கட்டுரையின் மையம்.

'ஸஆதா' என்றால் மகிழ்ச்சி, நற்பேறு, பாக்கியம். ஆகவே 'ஸஆதத் அல்-உஸ்தாத்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'பேராசிரியரது பாக்கியம்' என்று வரும். அதாவது கடிதம் பேராசிரியரை நேராக விளிக்கவில்லை. அவருடைய பாக்கியத்தை விளிக்கிறது. இதை முதன்முதலில் கேட்டபோது வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்கோ இடைநிலைப்பள்ளியின் மலாய் மொழிப் பாடம் நினைவுக்கு வந்தது. 'யாங் பெர்பகாகியா' என்று நாம் எழுதும் தொடரில் உள்ள 'பகாகியா' என்ன? வடமொழி 'பாக்ய'தான், நம் 'பாக்கியம்'தான். 'பாக்கியம் உடையவர்' என்று மலாய் சொல்வதை 'இன்னாரது பாக்கியம்' என்று அரபு சொல்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பொருள் ஒத்துப்போகிறது, அவ்வளவே. ஆனால் மனத்தில் வைத்துக்கொள்ள அது போதும்.

பெரியவரை நேரே சுட்டாமல் அவரைச் சார்ந்த ஒன்றைச் சுட்டுவது நமக்கும் புதிதல்ல. பழைய தமிழ்க் கடிதங்களில் 'அவர்கள் சமூகத்திற்கு' என்று எழுதுவார்கள். அங்கே சமூகம் என்பது சமுதாயம் அன்று. முன்னிலை, திருமுன் என்பது பொருள். சைவ ஆதீனத் தலைவரை இன்றும் 'மகாசந்நிதானம்' என்றே குறிப்பிடுகிறோம். அரபில் இதே வேலையைச் செய்யும் சொல் 'ஹள்ரா'. அதற்கும் முன்னிலை என்றே பொருள். எகிப்தில் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேசும்போது 'நீ' என்று சொல்லாமல் 'ஹள்ரதக்', அதாவது 'உங்கள் முன்னிலை' என்கிறார். தமிழ் முஸ்லிம்கள் மார்க்க அறிஞரை 'ஹஸ்ரத்' என்று அழைப்பதும் இதே சொல்தான். பாரசீகம், உருது வழியாக ஒலி மாறி வந்திருக்கிறது. மாம்லூக் ஆட்சிக் காலத்து எகிப்தில் அரசுக் கடிதங்களுக்கு இலக்கணமாக விளங்கிய 'ஸுப்ஹுல் அஃஷா' என்ற பெருநூலை எழுதிய அல்-கல்கஷந்தி (மறைவு 1418) யாருக்கு எந்தப் பட்டம் என்பதை விரிவாக வகைப்படுத்தியிருக்கிறார். அங்கேயும் உயர்ந்தவர்களுக்குரிய தலைச்சொற்களில் சில இருப்பிடத்தையும் அவையையும் குறிக்கும் சொற்களே. அந்த நூல் அச்சில் 14 தொகுதிகள். நமக்கு ஒரு வரி போதும்.

இந்த ஒரு வரியில் இலக்கணம் எங்கே சறுக்குகிறது என்பதை ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு சொல்கிறேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி பினாங்குக்காரி, தமிழ் முஸ்லிம். சவூதி அரேபியாவில் ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தின் அரபு மொழி நிலையத்தில் உதவித்தொகையுடன் ஓராண்டு படிக்க விண்ணப்பித்திருந்தாள். எல்லாம் அனுப்பியாகிவிட்டது, அத்தாட்சி முத்திரை இட்ட சான்றிதழ் ஒன்று மட்டும் குறித்த நாளுக்குள் கைக்கு வரவில்லை. ஒரு வாரத் தவணை வேண்டும். அலுவலகத்தைக் கேட்டதற்கு நிலையத்தின் தலைவருக்கே எழுதும்படி பதில் வந்தது. தலைவர் ஒரு பெண், முழுப் பேராசிரியர். ஓராண்டுப் படிப்பும் உதவித்தொகையும் அந்த ஒரு வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். அரபு படிக்க வருகிறேன் என்பவள் ஐந்து வரி அரபில் எழுதக் கூடாதா என்று எங்கள் விரிவுரையாளர் கேட்டார். அதனால் அரபிலேயே எழுதினாள்.

அவள் முதலில் எழுதிய வரி இது: 'அஸ்-ஸஆதா அல்-உஸ்தாதா அத்-துக்தூரா ஃபுலானா அல்-முஹ்தரம்'. உண்மைப் பெயரை இங்கே எழுதாமல் 'ஃபுலானா' என்று போட்டிருக்கிறேன். அரபில் 'ஃபுலான்' என்றால் இன்னான், 'ஃபுலானா' என்றால் இன்னாள். மலாயில் நாம் சொல்லும் 'சி போலான்' இதிலிருந்து வந்ததுதான்.

வரியில் இரண்டு இடங்கள் இடறுகின்றன. முதலாவது தலையிலேயே இருக்கிறது. 'அஸ்-ஸஆதா' என்று எழுதக் கூடாது. அரபில் 'இன்னாரது இன்னது' என்று இரண்டு பெயர்ச்சொற்களை அடுத்தடுத்து வைத்து உடைமைத் தொடர் அமைக்கும்போது, முதல் சொல்லுக்கு 'அல்' என்ற முன்னொட்டு வராது. இரண்டாவது சொல்லுக்கே வரும். 'அல்' வரும் இடத்தைக் கொண்டே உடைமை புலப்படுகிறது. தமிழில் 'அது' உருபு செய்யும் வேலையை அரபில் இந்த இடம் செய்கிறது என்று சொல்லலாம். 'அஸ்-ஸஆதா அல்-உஸ்தாதா' என்று இரண்டுக்கும் 'அல்' போட்டுவிட்டால் உடைமை உடைந்துபோய் 'அந்தப் பாக்கியம், அந்தப் பேராசிரியை' என்று இரண்டு சொற்கள் தனித்தனியே நிற்கும். 'அல்' நீங்கியதும் இன்னொன்றும் நடக்கிறது. தனியே நிற்கும்போது 'ஸஆதா' என்று முடிகிற சொல், அடுத்த சொல்லோடு சேர்ந்தவுடன் 'ஸஆதத்' என்று தகர ஒலியை வெளிக்காட்டுகிறது. எழுத்தில் எந்த மாற்றமும் இல்லை, வாசிப்பில்தான் மாறுகிறது. நல்ல வேளையாக வேற்றுமைக்குரிய குற்றுயிர்க் குறிகளை மின்னஞ்சலில் யாரும் எழுதுவதில்லை. அந்தத் தலைவலி நமக்கு இல்லை.

இரண்டாவது இடறல் வரியின் வாலில். 'அல்-முஹ்தரம்' என்று ஆண்பாலில் முடித்திருந்தாள். அவள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. "ஸஆதாவே பெண்பால் சொல்தானே? அதுவே பெண்ணைக் காட்டிவிடும் என்று நினைத்தேன்" என்றாள். விரிவுரையாளர் அதற்கு, "பாக்கியத்துக்குப் பெண்பால் இருப்பது இலக்கணத்தில். ஆணுக்கு எழுதினாலும் ஸஆதாதான், பெண்ணுக்கு எழுதினாலும் ஸஆதாதான். பட்டமும் பெயரும் மரியாதைச் சொல்லும்தான் ஆளைப் பார்க்கும்" என்றார்.

இந்த விளக்கத்தோடு எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. 'ஸஆதா' ஒரு பண்புப்பெயர். 'மாட்சிமை' என்பது மன்னருக்கும் அரசிக்கும் ஒன்றே என்பது போல. ஆகவே அது யாருக்காகவும் பால் மாறாது. அதற்குப் பின்னால் வரும் 'உஸ்தாத், துக்தூர், முஹ்தரம்' மூன்றும் ஆளைக் குறிப்பவை. பெண்ணானால் 'உஸ்தாதா, துக்தூரா, முஹ்தரமா' என்று மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். இதே பிழை மறுபக்கமாகவும் நேரும். ஆண் பேராசிரியருக்கு எழுதும்போது, தலையில் உள்ள 'ஸஆதா' பெண்பாலாயிற்றே என்று அதற்கு இசைவாக வாலில் 'அல்-முஹ்தரமா' என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அப்போது மரியாதைக்குரியது பாக்கியம் ஆகிவிடும். பேராசிரியர் வெளியே நிற்பார். எழுதி முடித்ததும் சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. தலைச்சொல்லை விரலால் மறைத்துவிட்டு மீதியை மட்டும் வாசியுங்கள். மீதி முழுவதும் ஒரே பாலில் இருந்தால் வரி சரி.

இங்கே ஒரு கிளைவழி. சிலர் 'ஸஆதத்' என்று தொடங்காமல் 'ஸாஹிப் அஸ்-ஸஆதா' என்று தொடங்குவார்கள். 'ஸாஹிப்' என்றால் உடையவர். இப்போது பாக்கியம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டதால் அதற்கு 'அல்' வந்துவிடுகிறது. உடையவர் ஆளைக் குறிப்பதால் பெண்ணுக்கு 'ஸாஹிபத் அஸ்-ஸஆதா' என்று மாறுகிறது. நம் நாட்டுச் செய்தித்தாள்களில் முஃப்தியின் பெயருக்கு முன் 'ஸாஹிபுஸ் ஸமாஹா' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வாய்பாடேதான். பாக்கியத்தின் இடத்தில் 'ஸமாஹா', அதாவது பெருந்தன்மை, இருக்கிறது.

இதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. பாக்கியமா, பெருந்தன்மையா, வேறு ஏதாவதா? யாருக்கு எது? இங்கேதான் அகராதி கைவிடுகிறது. சொற்கள் எல்லா அரபு நாடுகளுக்கும் பொது. பங்கீடு நாட்டுக்கு நாடு வேறு. சமய அறிஞர்களுக்கு 'ஃபளீலா', அதாவது சிறப்பு, நற்பண்பு. ஆனால் எகிப்தின் முஃப்திக்கு 'ஃபளீலா' என்று எழுதுவார்கள்; சவூதியின் தலைமை முஃப்திக்கு 'ஸமாஹா' என்று எழுதுவார்கள். அமைச்சர் என்றால் சவூதியிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் 'மஆலீ', அதாவது உயரங்கள். கத்தாரில் அமைச்சருக்கும் 'ஸஆதா'தான். ஜோர்டானிலும் லெபனானிலும் பிரதமருக்கு 'தவ்லா'. நம் பள்ளிச் சபைகூடலில் கேட்டுப் பழகிய 'டவ்லாட் துவாங்கு'வில் இருக்கும் 'டவ்லாட்' அதே சொல்தான். ஆனால் அங்கே அது பிரதமருடையது, இங்கே மன்னருடையது.

ஒரே பதவியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர். சவூதியின் அரசுப் பல்கலைக்கழகமாயின் அமைச்சருக்கு உரிய 'மஆலீ' அவருக்கும் உண்டு. ஜோர்டானில் பொதுவாக 'உதூஃபா', அதாவது பரிவு. எகிப்தில் இப்படிப்பட்ட பண்புப்பெயர் இல்லாமலேயே 'அஸ்-ஸய்யித் அல்-உஸ்தாத் அத்-துக்தூர்' என்று தொடங்கி, பெயருக்கு முன் ஒரு சாய்கோடு இட்டு எழுதும் வழக்கம் பரவலானது. அந்தச் சாய்கோடு எழுத்துப்பிழையன்று. எகிப்திய அலுவலகக் கடிதத்தின் முத்திரை என்றே சொல்லலாம். அந்த நாட்டில் 'பாஷா', 'பே' போன்ற குடிமைப் பட்டங்களை 1952 புரட்சிக்குப் பின் சட்டப்படி ஒழித்துவிட்டார்கள். இருந்தும் கெய்ரோ தெருக்களில் போலீஸ்காரரையும் முன்பின் தெரியாதவரையும் 'பாஷா' என்று கூப்பிடுவது நின்றபாடில்லை. பட்டங்களைச் சட்டத்தால் ஒழிப்பது எளிதல்ல போலும்.

மலேசிய மாணவர்கள் தடுக்கி விழும் இரண்டு சொற்களையும் சொல்லிவிட வேண்டும். தேசியப் பள்ளியில் படித்த நமக்கு 'உஸ்தாஸ்' என்றால் இஸ்லாமியக் கல்வி ஆசிரியர். அரபில் 'உஸ்தாத்' என்பதற்குச் சமய வாடை கட்டாயமில்லை. வழக்கறிஞர், பத்திரிகையாளர், பள்ளி ஆசிரியர் என்று படித்தவர் எவரும் பேச்சில் 'உஸ்தாத்'. பல்கலைக்கழகத்தில் மட்டும் அது உச்சப் பதவியின் பெயர். அதேபோல் 'சையட்' என்றால் இங்கே நபி வழிவந்த குடும்பத்தின் பெயர். அரபுக் கடிதத்தில் 'அஸ்-ஸய்யித்' என்பது வெறும் 'திரு'. மொரோக்கோவில் புலமுதல்வருக்கு எழுதும்போது 'அஸ்-ஸய்யித்' என்று போட்டுப் பதவியின் பெயரை எழுதினாலே போதுமான மரியாதை.

'அல்-உஸ்தாத் அத்-துக்தூர்' என்ற இரட்டைப் பட்டத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்று முழுப் பேராசிரியராக உயர்ந்தவருக்கு மட்டுமே அந்த இரட்டைப் பட்டம். சுருக்கமாக எழுதும்போது அலிஃப், புள்ளி, தால், புள்ளி என்று இடுவார்கள். இணைப் பேராசிரியருக்கும் அதற்குக் கீழ் உள்ளவருக்கும் 'அத்-துக்தூர்' மட்டும்தான். ஆங்கிலப் பழக்கத்தில் எல்லாரையும் 'புரொஃபசர்' என்று விளித்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்த இரட்டைப் பட்டத்தைப் போட்டு அனுப்பினால் அவருக்கே கூச்சமாகிவிடும். இதிலும் நாடு பார்க்க வேண்டும். 'உஸ்தாத் முஸாஇத்' என்ற பதவி ஜோர்டானிலும் சவூதியிலும் பேராசிரியர் ஏணியின் முதல் படி. எகிப்திலோ விரிவுரையாளரைத் தாண்டிய நடுப்படி. சந்தேகம் வந்தால் 'அத்-துக்தூர்' என்று எழுதி நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

என் தோழி இவற்றை எப்படிக் கண்டுபிடித்தாள்? நிலையத்தின் ஆங்கில இணையப் பக்கத்தை மூடிவிட்டு அரபுப் பக்கத்தைத் திறந்தாள். தலைவரின் செய்தி என்று ஒரு பகுதி பெரும்பாலும் எல்லா நிலையங்களிலும் இருக்கும். அங்கே அவர் பெயருக்கு முன் அலிஃபும் தாலும் புள்ளிகளோடு இருந்தன. முழுப் பேராசிரியர் என்பது உறுதியாயிற்று. பிறகு நிகழ்ச்சிச் செய்திகளில் அவரை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று தேடினாள். 'ஸஆதா' என்றே இருந்தது. அந்த நிலையத்தார் தங்கள் தலைவருக்கு எதை எழுதுகிறார்களோ அதையே நாமும் எழுதினால் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பதவி பெண்பாலில் 'அமீதா' என்று இருப்பதையும் அங்கேயே பார்த்துக்கொண்டாள்.

பெயரை எழுதும் முறை நமக்கு எளிது. ஆங்கில வழக்கில் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். அரபில் பேச்சில் விளிப்பது பெரும்பாலும் சொந்தப் பெயரோடுதான்: 'துக்தூர் அஹ்மத்'. தகப்பனார் பெயரோடு வாழும் நாமும் இப்படித்தானே செய்கிறோம்? 'முனைவர் குமார்' என்றால் குமார் அவரே. அவருடைய அப்பா அல்லர். மின்னஞ்சலின் முதல் வரியில் மட்டும் முழுப் பெயரையும் எழுதிவிடுவது நல்லது.

விளி வரிக்குப் பிறகு பதவிக்கு ஒரு வரி, அதன்பின் முகமன். முஸ்லிம்கள் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதை முழு வடிவில் எழுதுவார்கள். மற்றவர்களுக்கு 'தஹிய்யதன் தய்யிபதன்', அதாவது 'நல்வணக்கம்', இருக்கிறது. அது ஏதோ இரண்டாந்தர மாற்று என்று எண்ண வேண்டாம். அரபுக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அரசு அலுவலகங்களும் அன்றாடம் எழுதுவது அதுதான். எதை எழுதினாலும் அதன்பின் 'வ பஅது' என்று ஒரு சொல் வரும். 'அதன் பின்' என்று பொருள். மரியாதை முடிந்தது, இனிச் செய்தி என்று கோடு கிழிக்கும் சொல் அது. நம் கடிதங்களில் 'நிற்க' என்று எழுதுவார்களே, அதன் உடன்பிறப்பு. 'நிற்க' என்று எழுதும் பழக்கத்தை நாம்தான் விட்டுவிட்டோம், அரபியர் விடவில்லை.

செய்திக்குள் நுழைந்த பிறகும் 'நீங்கள்' என்பதில் கவனம் வேண்டும். ஒருவருக்கே எழுதினாலும் அரபுக் கடிதம் பன்மையில் பேசும்: 'ஸஆதத்துக்கும்', அதாவது 'தங்கள் பாக்கியம்'. அதிலுள்ள 'கும்' பன்மை விகுதி. ஒருமையாக்கி 'ஸஆதத்திக்' என்று பெண்ணுக்கு எழுதினால் இலக்கணம் சரிதான். ஆனால் கடிதம் சற்று இறங்கி நிற்கும். ஒருவரைப் பன்மையால் உயர்த்தும் பழக்கம் நம் இரத்தத்திலேயே ஊறியிருப்பதால் இதை விளக்கத் தேவையில்லை.

கடைசியில் அவள் அனுப்பியது இதுதான். பெயரை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன்:

```
سعادة الأستاذة الدكتورة فلانة الفلانية المحترمة
عميدة معهد تعليم اللغة العربية
السلام عليكم ورحمة الله وبركاته، وبعد:
فأرجو من سعادتكم التكرم بتمديد موعد تقديم الوثائق أسبوعًا واحدًا.
وتفضلوا بقبول فائق الاحترام والتقدير.
```

வலமிருந்து வாசித்தால் முதல் சொல் 'ஸஆதத்', அந்த வரியின் கடைசிச் சொல் 'அல்-முஹ்தரமா'. நான்காம் வரி, 'ஆவணங்களை ஒப்படைக்கும் நாளை ஒரு வாரம் நீட்டித்து உதவுமாறு தங்கள் பாக்கியத்தை வேண்டுகிறேன்' என்கிறது. ஐந்தாம் வரி, மிகுந்த மரியாதையை ஏற்றருளுங்கள் என்ற வழக்கமான முடிப்பு. அதற்கு மேல் தாமதத்தின் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதி நடுவில் சேர்த்திருந்தாள்.

தட்டச்சில் இரண்டு தொல்லைகள் வந்தன. ஒன்று திசை. பத்தி இடமிருந்து வலமாக இருக்கும்போது அரபை ஒட்டினால் சொற்கள் சரியாகத் தெரியும். ஆனால் வாக்கிய முடிவின் புள்ளி தவறான பக்கத்துக்கு ஓடிவிடும். சுருக்கெழுத்துப் பட்டத்தின் புள்ளியும் அப்படியே. புள்ளி வரியின் வலது ஓரத்தில் தனியே நிற்பதைப் பார்த்தால் திசை மாறவில்லை என்று பொருள். விண்டோஸில் `Ctrl` விசையோடு வலப்பக்க `Shift` விசையை அழுத்தினால் பத்தி வலமிருந்து இடமாகத் திரும்பும். மற்றொன்று, 'முஹ்தரமா' போன்ற சொற்களின் கடைசி எழுத்து. அதன் தலையில் இரண்டு புள்ளிகள் வேண்டும். விட்டுவிட்டால் அது வெறும் ஹகரம். அரபியர்களே அவசரத்தில் கைப்பேசியில் விட்டுவிடுவார்கள். கைப்பேசியில் போகட்டும், 'ஸஆதா'வின் புள்ளிகளை விட்டுவிட்டு ஒருவரிடம் தவணை கேட்பது நன்றாயிராது.

பெயரைக் கீழே எழுதும்போது ஒரு சின்னக் கேள்வி எழுந்தது. அவளுக்குச் சிக்கல் இல்லை. அவள் அடையாள அட்டையிலேயே 'பிந்தி' இருக்கிறது. 'அ/லெ', 'அ/பெ' உள்ள நாங்கள் என்ன செய்வது என்று வகுப்பில் கேட்டோம். 'இப்ன்', 'பின்த்' என்று எழுதலாம், பொருள் அதேதான் என்றார் விரிவுரையாளர். பகரத்துக்கு அரபில் நேரான எழுத்து இல்லாததால் 'பிரபா' முழுவதும் மெல்லொலியாகிவிடும். 'கணேசன்' எகிப்தில் ஜீம் எழுத்தாலும் வேறு நாடுகளில் ஃகைன் எழுத்தாலும் தொடங்குவான். ழகரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'அல்-ஆனிஸா' என்று தொடங்கி, அதாவது 'செல்வி' என்று விளித்து, அவளுடைய சொந்தப் பெயரை எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். சான்றிதழ் ஐந்தாம் நாளில் வந்து சேர்ந்தது.